ப்ரீ-வொர்க்கவுட் தூள் குடித்த தம்பிக்கு வாந்தியும் நடுக்கமும்: எந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்?

தோட்டத்து_அண்ணன் | சனி, காலை 9.10

வணக்கம். நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். என் தம்பிக்கு வயது 22, எடை 58 கிலோ. ஆலையில் ஷிஃப்ட் வேலை, சாயங்காலம் ஜிம்.

வியாழக்கிழமை நடந்ததை அப்படியே எழுதுகிறேன். மதியம் 3 மணிக்கும் 5 மணிக்கும் ஆலையில் ஒவ்வொரு கேன் எனர்ஜி டிரிங்க் குடித்திருக்கிறான். வேலை முடிந்து கடையில் ஒரு கெட்டி கோப்பி ஓ. 6.30-க்கு ஜிம்மில் ப்ரீ-வொர்க்கவுட் தூள் இரண்டு கரண்டி, அரை டம்ளர் தண்ணீரில். 7.15-க்கெல்லாம் கை நடுங்கியதாம். 7.30-க்கு வீட்டுக்கு வந்ததும் வாந்தி. நிற்கவில்லை, திரும்பத் திரும்ப வந்தது. அம்மா காற்று பிடித்திருக்கிறது என்று இஞ்சித் தண்ணீர் கொடுத்தார். பக்கத்து வீட்டு அக்கா கேஸ்ட்ரிக் மாத்திரை கொடுத்தார். அதுவும் வெளியே வந்துவிட்டது.

நான் வீட்டுக்கு வந்தது 9 மணிக்கு. அவனால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தான். கழுத்தில் நாடி துடிப்பது தூரத்திலிருந்தே தெரிந்தது. காடியில் ஏற்றிக்கொண்டு போனேன். அவசரப் பிரிவில் நாடி 148 என்றார்கள். இசிஜி எடுத்தார்கள். இரத்தத்தில் பொட்டாசியம் 2.8 இருந்ததாம், அதற்கு டிரிப் போட்டார்கள். மறுநாள் மதியம்தான் விட்டார்கள். டாக்டர் காஃபீன் அதிகமானதுதான் காரணம் என்றார்.

தம்பியோ, "எல்லாரும் அதே தூளைத்தான் குடிக்கிறாங்க, எனக்கு வந்தது கேஸ்ட்ரிக்" என்கிறான். வரும் வாரமே ஜிம்முக்குத் திரும்பப் போகிறானாம். எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: இது சாதாரண வாந்தி இல்லை என்று வீட்டில் இருப்பவர்கள் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? எந்தக் கட்டத்தில் கிளம்ப வேண்டும்?

---

கபில்_ஃபிட் | சனி, காலை 9.42

ப்ரோ, தம்பி நல்லாயிட்டான் என்பதே பெரிய விஷயம். ஆனால் தூளைக் குறை சொல்ல வேண்டாம். ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் காஃபீன் வரை ஒன்றும் ஆகாது, அது உலகம் முழுக்கச் சொல்கிற கணக்கு. அந்தத் தூளில் ஒரு கரண்டிக்கு 300 இருக்கும். இரண்டு கரண்டி என்றால் 600, கொஞ்சம்தான் கூடுதல். வெறும் வயிற்றில் குடித்ததுதான் பிரச்சினை.

எங்கள் ஜிம்மில் யாருக்காவது இப்படிப் படபடப்பு வந்தால் ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்வோம், ட்ரெட்மில்லில் வியர்க்க ஓடச் சொல்வோம். சிறுநீரிலும் வியர்வையிலும் போய்விடும். பொட்டாசியத்துக்கு இரண்டு வாழைப்பழம் போதும்.

---

கோப்பி_ராணி | சனி, காலை 10.05

படிக்கவே பயமாக இருக்கிறது. நான் ஒரு நாளைக்கு மூன்று கோப்பி குடிப்பேன், காலையில் இரண்டு, மதியம் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகும்போது குடிக்காமல் போனால் பத்து பதினொரு மணிக்கெல்லாம் தலைவலி பிளக்கும். இதுவும் காஃபீன் அதிகமான அறிகுறியா? உடனே நிறுத்திவிட வேண்டுமா?

---

ஓய்வுபெற்ற_எம்ஏ | சனி, காலை 11.20

தோட்டத்து அண்ணன், நான் முதலில் தோட்டத்து டிரஸ்ஸராக இருந்தேன், பிறகு ஓய்வு பெறும் வரை அரசாங்க மருத்துவமனை அவசரப் பிரிவில் எம்.ஏ., அதாவது மருத்துவ உதவியாளர். தம்பி அனுபவித்தது கேஸ்ட்ரிக் இல்லை. உங்கள் டாக்டர் சொன்னதுதான் சரி.

விளக்குவதற்கு முன் சில கேள்விகள். கரண்டியைத் தலைதட்டி எடுத்தானா, குவித்து எடுத்தானா? கடைசியாகச் சாப்பிட்டது எப்போது? புகைபிடிப்பவனா? இருமல், ஆஸ்துமா, சிறுநீர்த் தொற்று என்று ஏதாவது மருந்து எடுக்கிறானா? நெஞ்சு வலி, மயக்கம், வலிப்பு எதுவும் வந்ததா?

கோப்பி ராணி அம்மா, உங்கள் தலைவலி இதற்கு நேர் எதிர். உடம்பு பழகிய காஃபீன் அன்றைக்குக் கிடைக்கவில்லை என்று வருவது. பயப்பட வேண்டாம்.

---

தோட்டத்து_அண்ணன் | சனி, மதியம் 12.15

ஐயா, நன்றி. கேட்டுவிட்டு எழுதுகிறேன். குவித்துத்தான் எடுத்தானாம். காலை நாசி லெமாக்கோடு சரி, அப்புறம் ஒன்றும் சாப்பிடவில்லை. மருந்து எதுவும் இல்லை. நெஞ்சு வலி இல்லை, மயக்கம் இல்லை.

புகைபிடிப்பான். ஆனால் போன மாதம் நிறுத்திவிட்டான். ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் வரை போய்க்கொண்டிருந்தது. அதனால் அது கணக்கில் வராது என்று நினைக்கிறேன்.

---

ஓய்வுபெற்ற_எம்ஏ | சனி, மதியம் 2.30

கணக்கில் வருவதே அதுதான். புகையிலைப் புகை கல்லீரலை வேகப்படுத்தி வைத்திருக்கும். காஃபீனை உடைக்கிற வேலையும் அதனால் வேகமாக நடக்கும். புகைபிடிக்கிறவன் மூன்று மணி நேரத்தில் பாதியை வெளியேற்றினால், நிறுத்தியவனுக்கு அதே பாதிக்கு ஐந்து ஆறு மணி நேரம் ஆகலாம். நிறுத்திய ஒரு வாரத்திலேயே இந்த மாற்றம் வந்துவிடும். ஆகவே போன மாதம் தாங்கிய அதே இரண்டு கேனும் கோப்பியும் இந்த மாதம் உடம்பில் அதிக நேரம் தங்கும். தம்பி புகையை விட்டது மிக நல்ல காரியம். காஃபீனையும் கூடவே பாதியாகக் குறைக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இப்போது கணக்குப் பார்ப்போம். வழக்கமான 250 மில்லி கேன் ஒன்றில் 80 மில்லிகிராம். இரண்டு கேன் 160. கெட்டி கோப்பி ஓவுக்கு லேபிள் கிடையாது, கடைக்குக் கடை மாறும். நான் 100-க்குக் குறையாமல் வைத்துக்கொள்வேன். தூளுக்கு லேபிளில் போட்டிருக்கிற 300 என்பது தலைதட்டிய கரண்டிக்கு. குவித்தால் ஒன்றரை மடங்கு சாதாரணமாக ஏறும். ஆக, இரண்டு குவித்த கரண்டி 900 வரை போகும். எல்லாம் சேர்த்து நான்கு மணி நேரத்துக்குள் ஏறக்குறைய 1,150. அதில் பெரும் பங்கு 6.30-க்கு ஒரே மடக்கில், வெறும் வயிற்றில்.

கபில் சொன்ன 400 தப்பில்லை. ஆனால் அது ஆரோக்கியமான பெரியவர் ஒருவர் நாள் முழுக்கப் பிரித்துக் குடிக்கிற கணக்கு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் அதோடு இன்னொன்றும் சொன்னது: ஒரே வேளையில் 200 மில்லிகிராம், அதாவது உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 3 மில்லிகிராம். தம்பியின் 58 கிலோவுக்கு அது 175 அளவில் நிற்கிறது. அவன் ஒரே வேளையில் எடுத்தது அதைப் போல ஐந்து மடங்கு. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ, ஏறக்குறைய 1,200 மில்லிகிராம் வேகமாக உள்ளே போனால் வலிப்பு வரலாம் என்று எச்சரிக்கிறது. தம்பி அந்த வாசலில் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறான்.

எதை வைத்துக் கண்டுபிடிப்பது என்று கேட்டீர்கள். வாந்தி மட்டும் என்றால் ஆயிரம் காரணம் இருக்கும். கேஸ்ட்ரிக்காரருக்கு வயிறு எரியும், வலிக்கும், ஆனால் கை நடுங்காது, நாடி 140-க்கு ஓடாது. காஃபீனில் மூன்றும் ஒன்றாக வரும்: வாந்தி, நடுக்கம், உட்கார்ந்திருக்கும்போதும் இறங்காத நாடித் துடிப்பு. அதோடு ஓயாத பேச்சு, நிலைகொள்ளாமல் நடப்பது, காரணமில்லாத பயம். குடித்த முக்கால் மணி, ஒரு மணி நேரத்துக்குள் இவை ஆரம்பித்தால் வேறு எதையும் யோசிக்கத் தேவையில்லை.

கிளம்ப வேண்டிய நேரம் 7.30, இரண்டாவது தடவை வாந்தி எடுத்தபோதே. அதிக காஃபீன் குடித்தது தெரிந்து, வாந்தி திரும்ப வந்தால், அதற்கு மேல் வீட்டில் பார்க்க ஒன்றுமில்லை. சீக்கிரம் போவதில் இன்னொரு லாபம் உண்டு. குடித்த ஒரு மணி நேரத்துக்குள் வந்தால் மருத்துவமனையில் கரித்தூள் கரைத்துக் கொடுக்க வாய்ப்பிருக்கிறது. வயிற்றில் இருப்பதை அது பிடித்துக்கொள்ளும். நேரம் ஆக ஆக அதன் பயன் குறையும்.

---

கபில்_ஃபிட் | சனி, மாலை 4.02

ஐயா, மரியாதையோடு கேட்கிறேன். தண்ணீர் குடித்தால் சிறுநீரில் போகும் என்பதுதானே எல்லாரும் சொல்வது? எங்கள் கோச்சே அப்படித்தான் சொல்லியிருக்கிறார். ஓடினால் எரிந்துவிடும் என்பதும் கேள்விப்பட்டதுதான். நானும் இதுவரை எத்தனையோ பேரை இப்படிச் சரியாக்கியிருக்கிறேன்.

---

ஓய்வுபெற்ற_எம்ஏ | சனி, மாலை 5.15

கபில், நீங்கள் சரியாக்கியவர்கள் லேசான படபடப்புக்காரர்களாக இருந்திருப்பார்கள். அவர்களுக்கு நேரம் போனாலே சரியாகியிருக்கும். காஃபீன் உருமாறாமல் சிறுநீரில் போவது மிகச் சொற்பம். கிட்டத்தட்ட முழுவதையும் கல்லீரல்தான் உடைக்கிறது, அது தன் வேகத்தில்தான் வேலை செய்யும். ஒன்றரை லிட்டர் தண்ணீர் அதை முடுக்காது. வாந்தி எடுப்பவன் வயிற்றில் அதை ஊற்றினால் இன்னும் வாந்திதான் வரும். தாகத்துக்குச் சிறிது சிறிதாகக் குடிக்கட்டும், அவ்வளவுதான்.

ஓடச் சொல்வதை மட்டும் தயவுசெய்து இன்றோடு விட்டுவிடுங்கள். ஏற்கெனவே 140-இல் ஓடுகிற இதயத்தை இன்னும் விரட்டுவது அது. வலிப்பு வருவதானாலும் இதயத் தாளம் கெடுவதானாலும் ட்ரெட்மில் மேல்தான் வரும். படபடப்பு வந்தவனை உட்கார வையுங்கள், ஃபேன் போடுங்கள், கூட ஒருவர் இருங்கள்.

வாழைப்பழத்துக்கு வருகிறேன். காஃபீன் அதிகமானால் இரத்தத்தில் இருக்கிற பொட்டாசியம் தசைச் செல்லுக்குள் போய்விடும். வாந்தியால் வேறு இழப்பு. 3.5-க்கு மேல் இருக்க வேண்டியது தம்பிக்கு 2.8-க்கு இறங்கியது அப்படித்தான். இதயத்தின் தாளம் தப்புவதற்கு இது நேரான வழி. இரண்டு வாழைப்பழத்தால் அந்த அளவு ஏறாது, வயிற்றிலும் தங்காது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. காஃபீன் இறங்கும்போது செல்லுக்குள் போன பொட்டாசியம் திரும்ப வெளியே வரும். ஆகவே கண்மூடித்தனமாக ஏற்றினால் அந்தப் பக்கம் கூடிவிடும், அதுவும் இதயத்துக்கு ஆபத்து. அதனால்தான் இரத்தம் எடுத்து, டிரிப்பில் மெதுவாக ஏற்றி, இசிஜி பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வீட்டில் செய்ய முடியாத வேலை இது.

---

மீனா_லயம் | சனி, இரவு 8.25

ஐயா, என் மாமியாரைப் பற்றிக் கேட்க வேண்டும். அவருக்கு வயது 67, ஆஸ்துமா. கிளினிக்கில் தியோஃபிலின் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், வருடக்கணக்கில் சாப்பிடுகிறார். ஒரே ஒரு கெட்டி கோப்பி குடித்தாலும் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, கை நடுங்குகிறது, இரவெல்லாம் தூக்கமில்லை என்கிறார். எனர்ஜி டிரிங்க் எல்லாம் தொடக்கூட மாட்டார். ஒரு கோப்பியிலும் இந்த அளவுக்கு வருமா? வயசானால் அப்படித்தான் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

---

ஓய்வுபெற்ற_எம்ஏ | சனி, இரவு 9.00

மீனா, வயதின் மேல் பழி போட வேண்டாம். தியோஃபிலினும் காஃபீனும் ஒரே குடும்பம், உடம்பில் செய்கிற வேலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மாத்திரையோடு கோப்பி சேர்ந்தால் அவர் உடம்புக்கு அது இரட்டை வேளை. தியோஃபிலினில் பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது, மூச்சுத் திணறல் வந்துவிடும். கோப்பியை இப்போதே நிறுத்துங்கள், திங்கட்கிழமை கிளினிக்கில் சொல்லி இரத்தத்தில் தியோஃபிலின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குள் வாந்தி ஆரம்பித்தால் திங்கட்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே மருத்துவமனை. கோப்பி குடிக்காதபோதும் அதே படபடப்பு இருக்கிறதா?

---

மீனா_லயம் | சனி, இரவு 9.20

இருக்கிறது ஐயா, கொஞ்சம் குறைவாக. வாந்தி இல்லை. போன வாரம் சளிக்கு வேறொரு இடத்தில் ஏதோ ஆண்டிபயாடிக் கொடுத்தார்கள், அதிலிருந்துதான் கூடிவிட்டது போலத் தோன்றுகிறது. பெயர் தெரியவில்லை.

---

ஓய்வுபெற்ற_எம்ஏ | சனி, இரவு 9.28

அப்படியென்றால் திங்கள் வரை வேண்டாம், நாளைக் காலையே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். சில ஆண்டிபயாடிக் மருந்துகள் தியோஃபிலினையும் காஃபீனையும் உடம்பை விட்டுப் போகவிடாமல் தடுக்கும். அந்த மாத்திரை அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். இரவில் வாந்தியோ, குழப்பமோ, நாடியில் தாறுமாறோ தெரிந்தால் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும்.

---

லோரி_சேகர் | சனி, இரவு 10.10

நான் லோரி ஓட்டுகிறவன். இரவு ஓட்டத்தில் ஐந்தாறு கேன் குடிக்கிற ஆட்களை எனக்குத் தெரியும். ஒரு தடவை ஈப்போ பக்கம் ஓய்வு நிறுத்தத்தில் ஒருவனுக்கு வலிப்பே வந்துவிட்டது. கையில் இரும்புச் சாவியைத் திணித்தோம், வாயில் கரண்டி வைத்தோம். காஃபீனா, தூக்கமில்லாததா, அவனுக்கு முன்பே இருந்த நோயா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

என் கருத்து ஒன்றுதான். தோட்டத்துக்கு ஆம்புலன்ஸ் வரும் என்று காத்திருக்காதீர்கள். மண் சாலை, இருட்டு, எந்த லயம் என்று வழி சொல்லவே பத்து நிமிடம் போகும். காடி இருந்தால் ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டே இருங்கள்.

---

வேதியியல்_டீச்சர் | ஞாயிறு, காலை 8.40

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளி முன்னாள் மாணவன் ஒருவன் ப்ரீ-வொர்க்கவுட் விலை அதிகம் என்று சுத்தமான காஃபீன் தூளையே ஆன்லைனில் வாங்கலாமா என்று கேட்டான். நான் வேண்டவே வேண்டாம் என்றேன். எஃப்டிஏ சொல்கிற கணக்குப்படி அந்தத் தூளில் ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 28 கோப்பைக் கோப்பிக்குச் சமம். சமையலறைத் தராசு ஒரு கிராமைக்கூட ஒழுங்காகக் காட்டாது. நமக்கு வேண்டியதோ அதில் ஐந்தில் ஒரு பங்கு.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 2015-இல் இங்கிலாந்தின் நார்தம்பிரியா பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சி ஆய்வு ஒன்றுக்காக இரண்டு மாணவர்களுக்கு 0.3 கிராம் காஃபீன் கொடுக்க வேண்டியது. கைப்பேசியில் கணக்குப் போட்டதில் புள்ளி இடம் மாறி 30 கிராம் கொடுத்துவிட்டார்கள். நூறு மடங்கு. தீவிர சிகிச்சையில் டயாலிசிஸ் செய்து இருவரையும் காப்பாற்றினார்கள். 2017-இல் பல்கலைக்கழகத்துக்கு 4 லட்சம் பவுண்டு அபராதம். ஆய்வகத்திலேயே இப்படி என்றால், லயத்துச் சமையலறையில் கரண்டியால் அளப்பவன் கதி என்ன?

---

ஓய்வுபெற்ற_எம்ஏ | ஞாயிறு, காலை 10.30

டீச்சர் சொன்னதை ஒவ்வொரு ஜிம்மிலும் ஒட்ட வேண்டும். சுத்தமான தூளையோ மாத்திரையையோ ஒருவர் அதிகமாக விழுங்கிவிட்டார் என்று தெரிந்தால் அறிகுறி வரும் வரை காத்திருக்கவே கூடாது. உடனே கிளம்ப வேண்டும். சிறுபிள்ளை ஒருவாய் தின்றுவிட்டாலும் அப்படித்தான்.

சேகர், வலிப்பு வந்தவர் கையில் சாவி கொடுப்பதால் பயன் இல்லை, பரவாயில்லை, கெடுதலும் இல்லை. வாயில் கரண்டி வைப்பது பெரும் கெடுதல். பல் உடையும், மூச்சு அடைக்கும். பக்கவாட்டில் புரட்டிப் படுக்க வையுங்கள். இவர்களுக்கு வாந்தியும் இருப்பதால் மல்லாக்கப் படுத்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

ஆம்புலன்ஸ் விஷயத்தில் என் அனுபவம் கொஞ்சம் வேறு. வலிப்பு, மயங்கி விழுதல், நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல், பேச்சில் குழப்பம், தாளம் தப்பிய நாடி, இவற்றில் ஒன்று இருந்தாலும் 999. காரணம், வழியில் இதயம் நின்றால் காடியின் பின் சீட்டில் ஒன்றும் செய்ய முடியாது. ஆம்புலன்ஸில் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கிற கருவி இருக்கும். தோட்டம் உள்ளே இருந்தால் முக்கியச் சாலை வரை காடியில் வந்து, அங்கே ஆம்புலன்ஸைச் சந்திக்கலாமா என்று 999-இல் பேசுபவரிடமே கேளுங்கள். வாந்தி, நடுக்கம், வேகமான நாடி, ஆனால் நினைவு தெளிவாக இருக்கிறது என்றால் காடியில் போகலாம், அவர் ஓட்டக் கூடாது, பின்னால் ஒருவர் கூட உட்கார வேண்டும்.

நாடி பார்ப்பது எளிது. கால் மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, மணிக்கட்டில் விரல் வைத்து 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 120-க்கு மேலேயே நிற்கிறதென்றால் வாந்தி இல்லாவிட்டாலும் கிளம்புங்கள். எண்ணும்போது துடிப்பு விட்டு விட்டு, தாறுமாறாக வந்தால் அது எண்ணிக்கையைவிடப் பெரிய எச்சரிக்கை. கைக்கடிகாரம் காட்டுவதை மட்டும் நம்ப வேண்டாம், தாளம் தப்பும்போது அதுவும் தப்பாகக் காட்டும்.

போகும்போது தூள் டப்பாவையும் கரண்டியையும் எடுத்துப் போங்கள். எத்தனை மணிக்கு, எத்தனை கரண்டி, எடை எத்தனை என்று கேட்பார்கள். இந்த மூன்றும் தெரிந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது. பாட்டிக்குக் கொடுத்த பிரஷர் மாத்திரையால் நாடியை இறக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பதும் வேண்டாம்.

அளவு தெரியும், அறிகுறி லேசு, என்ன செய்வதென்று குழப்பம் என்றால் பினாங்கு யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் இருக்கிற தேசிய நச்சு மையத்தைக் கேட்கலாம், 1-800-88-8099. மேலே சொன்ன அபாய அறிகுறி எது இருந்தாலும் அந்த அழைப்புக்காக நேரம் கடத்த வேண்டாம்.

---

லோரி_சேகர் | ஞாயிறு, காலை 11.15

கரண்டி விஷயம் புரிந்தது ஐயா. ஆனால் ஆம்புலன்ஸ் பற்றி நான் இன்னும் உங்களோடு ஒத்துப்போகவில்லை. எங்கள் பக்கம் சில இடத்தில் லைன் கிடைக்காது. போன் பேசி, முக்கியச் சாலைக்கு வந்து, அங்கே நின்று காத்திருக்கும் நேரத்தில் நான் மருத்துவமனை வாசலில் இருப்பேன்.

---

ஓய்வுபெற்ற_எம்ஏ | ஞாயிறு, காலை 11.40

லைன் கிடைக்காத இடத்துக்கு நீங்கள் சொல்வதுதான் வழி. மருத்துவமனை பதினைந்து நிமிடத்துக்குள் என்றால் நானும் வாதாட மாட்டேன். தூரம் கூடினால் என் பதில் மாறாது.

---

தோட்டத்து_அண்ணன் | ஞாயிறு, மாலை 3.05

ஐயா, ஒரு விஷயம். தம்பி காலையிலிருந்து தொடையும் தோளும் பயங்கர வலி என்கிறான். ஜிம் வலிதான் என்று படுத்திருக்கிறான். ஆனால் சிறுநீர் கோப்பி ஓ நிறத்தில் போகிறதாம். வெயிலில் தண்ணீர் குறைந்ததால் இருக்குமா?

---

ஓய்வுபெற்ற_எம்ஏ | ஞாயிறு, மாலை 3.12

இப்போதே கூட்டிப் போங்கள். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர் மஞ்சளாகும், கறுப்பாகாது. அதிக காஃபீன், ஓய்வில்லாத நடுக்கம், குறைந்த பொட்டாசியம், கூடவே ஜிம் பயிற்சி எல்லாம் சேர்ந்து தசை உடைந்திருக்கலாம். உடைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். வியாழக்கிழமை காஃபீன் அதிகமாகி வந்தவன் என்று வாசலிலேயே சொல்லுங்கள், தசை உடைந்தால் இரத்தத்தில் ஏறுகிற சிகே அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் தாள் கையில் இருக்கட்டும். வலி மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள், சில வகை சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும்.

---

தோட்டத்து_அண்ணன் | ஞாயிறு, இரவு 9.50

அட்மிட் செய்துவிட்டார்கள். அவசரப் பிரிவின் மஞ்சள் பகுதியில் இருந்தான், இப்போது வார்டில். சிகே ஒன்பதாயிரத்துக்கு மேல் என்றார் டாக்டர், இயல்பாக இருநூறுக்குள் இருக்க வேண்டுமாம். டிரிப் வேகமாக ஓடுகிறது, சிறுநீரை அளந்து எழுதுகிறார்கள். சிறுநீரகம் இதுவரை நன்றாக வேலை செய்கிறதாம், நாளைக் காலை மறுபடி இரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்வார்களாம். கேஸ்ட்ரிக் என்று இப்போது அவன் சொல்வதில்லை. அம்மா கூட இருக்கிறார்.

---

கபில்_ஃபிட் | ஞாயிறு, இரவு 10.20

ப்ரோ, தம்பி சீக்கிரம் எழுந்து வரட்டும். ஐயா, ஒன்று கேட்கிறேன். இன்று எங்கள் ஜிம்மில் விற்கிற மூன்று தூளையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் காஃபீன் 200 என்று போட்டுவிட்டு, கீழே தனியாகக் குவாரானா என்றும் இருக்கிறது. அதற்கு அளவு போடவில்லை. அது என்ன கணக்கு?

---

ஓய்வுபெற்ற_எம்ஏ | ஞாயிறு, இரவு 10.45

குவாரானா ஒரு கொடியின் விதை. அதிலும் காஃபீன்தான் இருக்கிறது, கோப்பிக் கொட்டையைவிட அதிகமாகவே. லேபிளில் காஃபீன் என்று போட்ட 200-இல் அதுவும் அடங்குமா, அதற்கு மேல் கூடுதலா என்பது அந்தத் தாளை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. தயாரித்தவரிடம் எழுதிக் கேளுங்கள். பதில் வரும் வரை அந்த டப்பாவை விற்காமல் வைத்திருங்கள்.

---

கோப்பி_ராணி | திங்கள், காலை 6.40

அண்ணன், தம்பியின் இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் இங்கே போடுங்கள், கோவிலில் வேண்டிக்கொள்கிறேன். ஐயா, அப்போ என் மூன்று கோப்பி?

---

ஓய்வுபெற்ற_எம்ஏ | திங்கள், காலை 7.15

குடியுங்கள் அம்மா. மருந்து எதுவும் புதிதாக ஆரம்பித்தால் மட்டும் ஃபார்மசியில் கோப்பியைப் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.